டிஸ்சார்ஜ் புக்கை ஏஜென்ட் எப்படிப் படிக்கிறார்

கேள்வி: "என் சிஓசி தகுதிச் சான்றிதழ் முடிய இன்னும் 4 மாதம் இருக்கிறது. நான் போன கப்பல்களை எழுதும் டிஸ்சார்ஜ் புக்கில் எல்லாப் பதிவும் இருக்கிறது. 6 மாத கான்ட்ராக்டுக்கு ஏஜென்ட் முடியாது என்கிறார். ஏன்?"

தம்பி, ஜார்ஜ்டவுனில் கப்பலுக்கு ஆள் ஏற்றும் ஒரு மேனிங் ஆபீசில் பல வருடம் பேப்பர் பார்த்தவன் நான். நீங்கள் ஏறும் தேதியைப் பார்க்கிறீர்கள், ஏஜென்ட் இறங்கும் தேதியைப் பார்க்கிறார். சிஓசி முடிகிற அன்றே, கப்பலின் கொடி நாடு அதை அங்கீகரித்துக் கொடுத்த எண்டார்ஸ்மென்டும் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பதவியில் உங்களை வைத்திருந்தால் அடுத்த துறைமுகத்தில் கப்பலையே நிறுத்திவிடலாம். அந்த வம்பை எந்த ஏஜென்டும் விலைக்கு வாங்க மாட்டார்.

சரி, புதுப்பித்துக்கொண்டு வருகிறேன் என்பீர்கள். அங்கேதான் டிஸ்சார்ஜ் புக் பேசும். எஸ்டிசிடபிள்யூ என்ற சர்வதேசக் கடலோடி விதிப்படி, கடந்த 5 வருடத்தில் 12 மாதமோ, கடைசி 6 மாதத்தில் 3 மாதமோ, சிஓசிக்கு ஏற்ற பதவியில் கடலில் இருந்திருக்க வேண்டும். கடல் நாள் போதாதவர்களுக்குத் தேர்வு, பயிற்சி என்ற வழிகளும் உண்டு.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தேர்ட் மேட் வந்தார். சிஓசி முடிவது 2025 ஜூன் 14, அவர் வந்தது பிப்ரவரியில். புக்கில் மூன்று கப்பல்கள், கூட்டினால் 17 மாதம். "தாராளமா இருக்கு அண்ணே" என்றார். நான் தேதிகளைத் தாளில் எழுதினேன். முதல் கப்பல் 2020 ஜனவரி 10 முதல் ஆகஸ்ட் 9 வரை, 7 மாதம். ஆனால் சிஓசி முடியும் நாளில் புதுப்பித்தால் 5 வருடக் கணக்கு 2020 ஜூன் 15-இல்தான் தொடங்குகிறது, அதனால் அதில் 56 நாள்தான் தேறும். இரண்டாவது, 2022-இல் முழு 7 மாதம். மூன்றாவது 3 மாதம், பதவிக் கட்டத்தில் ஏபி என்று, அதாவது ஆபீசர் அல்லாத மாலுமி என்று இருந்தது. ஆபீசர் வேலை கிடைக்காமல் ஏபியாகப் போயிருக்கிறார், பாவம். அது ஆபீசர் சிஓசிக்குக் கணக்கில் வராது. மிச்சம் 9 மாதம்கூட நிறையவில்லை.

நான் சொன்ன வழி இதுதான்: தேர்ட் மேட்டாகவே 3 மாதத்துக்குக் கொஞ்சம் மேலான குறுகிய கான்ட்ராக்ட், ஜூன் தொடக்கத்துக்குள் இறங்கிவிட வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டாவது விதியிலேயே புதுப்பித்துவிடலாம். அப்படியொரு கப்பலில் ஏற்றினோம்.

உங்கள் புக்கையும் அதேபோல் எழுதிப் பாருங்கள். பதவிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஏறிய, இறங்கிய தேதிகளைப் பாஸ்போர்ட் முத்திரைகளோடு ஒப்பிடுங்கள், ஏஜென்டும் அதைத்தான் செய்வார். ஒரு கப்பலில் இருந்து இறங்கும் முன்பே அடுத்ததில் ஏறியதாகத் தேதி இருந்தால், கேப்டன் கைதவறி எழுதியதாக இருந்தாலும் போலி என்ற சந்தேகம்தான் முதலில் வரும். அப்படி இருந்தால் அந்தக் கம்பெனியிடம் கடல்சேவைக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.