வீக்னஸ் கேள்வியும் ஃபெயிலியர் கேள்வியும்: சாஃப்ட்வேர் இன்டர்வியூ கேள்வி பதில்

கேள்வி (கோவை, 4 வருட பேக்எண்ட் அனுபவம்): அக்கா, போன வருஷம் போஸ்ட்கிரஸில் ஆர்டர் டேபிளுக்குப் பகலிலேயே இன்டெக்ஸ் போட்டுவிட்டேன். பக்கமெல்லாம் திறந்தது, 12 நிமிஷம் ஆர்டர் மட்டும் விழவில்லை. இன்டெக்ஸை நிறுத்திய பிறகுதான் சரியானது. ஃபெயிலியர் கேள்விக்கு இதைச் சொன்னால் வேலை தெரியாதவன் என்று நினைப்பார்களோ?

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள், தம்பி. ஆனால் "சின்ன டவுன்டைம் வந்தது, டீமாகச் சரிசெய்தோம்" என்று மழுப்பாதீர்கள். இன்டர்வியூ எடுக்கும் எனக்கு அதில் மேற்கொண்டு கேட்க ஒன்றுமே இருக்காது. "நாங்கள்" வேண்டாம், "நான் போட்டேன்" என்றே தொடங்குங்கள்.

காரணத்தையும் சொல்லுங்கள். சாதாரண இன்டெக்ஸ் கட்டளை, வேலை முடியும்வரை அந்த டேபிளில் எழுதுவதைத் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. பக்கம் திறந்தும் ஆர்டர் தொங்கியது அதனால்தான். "ஸ்டேஜிங்கில் ஏன் தெரியவில்லை?" என்று கட்டாயம் கேட்பார்கள். அங்கே டேபிள் சிறியதாக இருந்து நொடியில் முடிந்திருந்தால், அதையே சொல்லுங்கள்.

அடுத்து, என்ன மாற்றினீர்கள் என்பது. "இனி கவனமாக இருப்பேன்" என்பது மாற்றமில்லை. இப்படி எழுத ஆரம்பித்திருந்தால் அது மாற்றம்:

```sql
CREATE INDEX CONCURRENTLY idx_orders_customer
ON orders (customer_id);
```

இது டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல் இன்டெக்ஸ் போடும், ஆனால் இதை டிரான்சாக்ஷனுக்குள் ஓட்ட முடியாது. பாதியில் தோற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று டேபிளில் தங்கிவிடும், அதை நீக்கிவிட்டு மறுபடி போட வேண்டும். நிஜமாகவே இதைச் செய்தவருக்கு இந்த இரண்டும் தெரிந்திருக்கும். மனப்பாடம் செய்து வந்தவர் இங்கேதான் தடுமாறுவார். டேபிளைப் பூட்டும் இன்டெக்ஸ் கட்டளை வந்தால் மெர்ஜ் ஆகாதபடி ஒரு செக் வைத்திருந்தால் அதையும் சேருங்கள்.

இன்னொன்று: நிறுத்தியவுடன் முதலில் யாரிடம் சொன்னீர்கள்? நான் தவறாமல் கேட்கிற கேள்வி இது. கிளையன்ட் பெயரை மட்டும் எங்கேயும் சொல்ல வேண்டாம்.

கேள்வி: "நான் பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்" என்பது சேஃபான வீக்னஸ்தானே?

பதில்: இல்லை. "அதனால் எந்த ரிலீஸ் தள்ளிப்போனது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அதற்குப் பதில் இருந்தால் அந்தத் தாமதம்தான் உங்கள் வீக்னஸ், அதையே சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை, டெஸ்டிங்கிலிருந்து டெவலப்மென்ட்டுக்கு மாறியவர்): உண்மையான வீக்னஸை எப்படிக் கண்டுபிடிப்பது மேடம்? யோசித்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

பதில்: யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டாம். உங்கள் பழைய புல் ரிக்வெஸ்ட்களைத் திறந்து ரிவ்யூ கமென்ட்களைப் படியுங்கள். திரும்பத் திரும்ப வருகிற கமென்ட் எதுவோ அதுதான் பதில்.

என்னிடம் ஒரு பெண் சொன்னது: "நான் எஸ்டிமேட் குறைவாகச் சொல்வேன். மூன்று நாள் என்றேன், ஏழு நாள் ஆனது, டெஸ்டிங் டீம் வார இறுதியில் உட்கார வேண்டியதாயிற்று. இப்போது இரண்டு நாளுக்கு மேல் போகிற வேலையை உடைத்துத்தான் சொல்கிறேன். வேறு டீமின் ஏபிஐ வேண்டியிருந்தால் இன்னும் தப்பாகிறது." அந்தக் கடைசி வாக்கியத்தால்தான் நான் நம்பினேன். முழுசாகச் சரியாகிவிட்ட வீக்னஸ் பழைய கதை.

கேள்வி: "ரொம்ப உழைப்பேன், லீவே எடுக்க மாட்டேன்" சொல்லலாமா?

பதில்: பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்டுக்கு மேலே சொன்னதுதான் இதற்கும்.

கேள்வி (ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஆள் எடுப்பவர்): நீங்கள் சொல்வது மேனேஜர் ரவுண்டுக்குச் சரி. எங்கள் எச்ஆர் ரவுண்டில் ஒரு நாளைக்கு முப்பது பேர். புரொடக்ஷனை நிறுத்தினேன் என்று ஒருவர் சொன்னால் அதுதான் குறிப்பில் ஏறும், காரணம் ஏறாது. பிள்ளைகளை மாட்டிவிடாதீர்கள்.

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். எச்ஆரிடம் டேபிள் பூட்டிய விஷயம் வேண்டாம், அதே கதையை நான்கு வாக்கியத்தில் சொன்னால் போதும். ஆனால் அங்கே ஒரு கதை, மேனேஜரிடம் வேறொரு கதை என்று போனால், இரண்டு குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மாட்டிக்கொள்வார்கள்.

(அவரே): எங்கள் இடத்தில் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

பதில்: நாங்கள் பார்க்கிறோம். உங்கள் கம்பெனிக்கு வருகிறவர்கள் உங்கள் பேச்சைக் கேட்கட்டும். பொய் சொல்லச் சொல்ல மட்டும் என்னால் முடியாது.

கேள்வி (இறுதியாண்டு மாணவர்): அக்கா, சூழல், பணி, செயல், விளைவு என்று போகிற ஸ்டார் முறையில் முழுப் பதிலையும் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். போதுமா?

பதில்: வரிசை சரி, மனப்பாடம்தான் தப்பு. நடுவில் குறுக்கிட்டால் முதல் வரிக்கே திரும்புவீர்கள். எழுதியதைக் கிழித்துவிட்டு, என்ன உடைந்தது, எப்படித் தெரிந்தது, யாரிடம் சொன்னீர்கள், என்ன மாற்றினீர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பிறகு நண்பரிடம் நடுவிலிருந்து கேட்கச் சொல்லுங்கள். காலேஜ் புராஜெக்ட்டில் டெமோவுக்கு முந்தைய நாள் கிட்டில் கோட் தொலைந்துபோனதும் நல்ல கதைதான்.

கேள்வி: என் வீக்னஸ் டைனமிக் புரோகிராமிங். எந்தப் புத்தகம் படிக்கலாம்?

பதில்: அது கோடிங் ரவுண்டுக்கான கேள்வி, அதற்கான இழையில் கேளுங்கள்.

கேள்வி: டீம் லீட்தான் தப்பு பண்ணினார், நான் இல்லை. அதை என் ஃபெயிலியராகச் சொல்லலாமா?

பதில்: கூடாது. அதே சம்பவத்தில் நீங்கள் வாய் திறக்காமல் இருந்த இடம் ஏதாவது இருந்தால், அதைச் சொல்லுங்கள்.