பாதி விலை என்றால் எதில் பாதி?

கேள்வி: வெளியூர்ச் சந்தையில் 2 அடிக்கு 3 அடி அளவில், கையால் முடிச்சுப் போட்ட கம்பளி விரிப்பு ஒன்று வாங்கினேன். ‘சொல்லும் விலையில் பாதிக்குக் கேள்’ என்று நண்பர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்படியே கேட்டேன். ஒரு நிமிடம் முனகிவிட்டுக் கொடுத்துவிட்டார். மறுநாள் மாலில் அதே போன்ற விரிப்பு, நான் கொடுத்ததில் முக்கால் பங்கு விலைக்கு இருந்தது. ஏமாந்துவிட்டேனா? பேசாமல் கறார் விலைக் கடைகளுக்கே போவது நல்லதா?

பதில்: பாதி என்றீர்கள், எதில் பாதி? கடைக்காரர் வாயிலிருந்து வந்த ஓர் எண்ணில். உங்களைப் போன்ற நண்பர்கள் எல்லாருக்கும் உண்டு என்பதும், வருகிறவர் பாதிதான் கேட்பார் என்பதும் அவருக்குத் தெரியும். வேண்டிய விலையை இரண்டால் பெருக்கிச் சொல்வதற்கு அவருக்கு எத்தனை நொடி ஆகும்? நீங்கள் பேரம் பேசவில்லை. அவர் போட்டு வைத்த கணக்கை வகுத்துக் கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

அதனாலேயே ஏமாந்தீர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. மாலில் பார்த்ததும் வாங்கியதும் ஒரே பொருளா என்பது தெரியாமல் இரண்டு விலைகளை மட்டும் ஒப்பிடுகிறீர்கள். விரிப்பைத் திருப்பிப் போடுங்கள். முன்பக்கத்துப் பூவேலை பின்பக்கத்திலும் தெளிவாகத் தெரிந்து, ஓரக் குஞ்சம் தைத்து ஒட்டியதாக இல்லாமல் விரிப்பின் பாவு நூலே நீண்டு வந்ததாக இருந்தால், அது முடிச்சுப் போட்டது. பின்பக்கம் முழுவதும் ஒரு துணி ஒட்டியிருந்தால் ஐயப்படுங்கள். துணியில் துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்தி இறக்கி, பின்னால் ரப்பர் பசை தடவி மூடுவது ஒரு முறை. அதையும் ‘கைவேலை’ என்று விற்பார்கள், கையில் பிடித்துச் செய்வதால் அது பொய்யும் இல்லை. ஆனால் உங்கள் அளவு விரிப்பை அந்த முறையில் ஒன்றிரண்டு நாளில் முடித்துவிடலாம். மாலில் நீங்கள் பார்த்தது இந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

முடிச்சுப் போட்டதுதான் என்றால், ஓர் அளவுகோலைப் பின்பக்கத்தில் வைத்து, குறுக்கே ஓர் அங்குலத்தில் எத்தனை முடிச்சு, நெடுக்கே எத்தனை என்று எண்ணுங்கள். சில வகைகளில் ஒவ்வொரு முடிச்சும் அருகருகே இரண்டு மணிகளாகத் தெரியும். அந்த இரண்டையும் ஒன்றாகவே எண்ண வேண்டும். அப்படி எண்ணாமல் முடிச்சுக் கணக்கை இரட்டிப்பாக்கிச் சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. குறுக்கே 10, நெடுக்கே 10 என்று வைத்துக்கொள்வோம். சதுர அங்குலத்துக்கு 100. உங்கள் விரிப்பு 24-க்கு 36, அதாவது 864 சதுர அங்குலம். மொத்தம் 86,400 முடிச்சுகள். கை பழகிய நெசவாளர் நாளொன்றுக்குச் சுமார் 8,000 போடுவார் என்று கொண்டால், ஏறக்குறைய 11 நாள் உழைப்பு. அந்த ஊரில் ஒரு கைத்தொழிலாளியின் நாள்கூலியை 11-ஆல் பெருக்கிப் பாருங்கள். கம்பளியும் சாயமும், அலசுவதும் கத்தரிப்பதும், வண்டிக் கூலி, கடை வாடகை, வியாபாரியின் லாபம் எல்லாம் அதற்கு மேல்தான்.

இந்தக் கணக்கு நியாய விலையைச் சொல்லாது. விலையின் தரை எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டும். நீங்கள் கொடுத்தது தரைக்கு எத்தனையோ மடங்கு மேலே என்றால் கோபப்படலாம். தரைக்குக் கீழே என்றால் வெற்றி என்று துள்ள வேண்டாம். பொருள் சொன்னபடி இல்லை, அல்லது நெய்தவர் வயிற்றில் யாரோ அடித்திருக்கிறார்கள், அல்லது விற்றவருக்கு அன்றைக்குப் பணமுடை. ‘அடிமாட்டு விலைக்கு முடித்தேன்’ என்று பெருமை பேசுகிறவர்களிடம் நான் இந்த மூன்றில் எது என்று கேட்பதுண்டு. பிறகு அவர்கள் என்னிடம் பேசுவதில்லை.

மொராக்கோவின் செஃப்ரூ நகரச் சந்தையை ஆராய்ந்த மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், 1978-இல் பேரத்தைப் பற்றி எழுதினார். விவரம் தேடுவதில் இரண்டு வழிகளை அவர் பிரித்துக் காட்டினார். பல கடை ஏறி இறங்குவது ஒன்று, ஒரே ஆளிடம் ஆழமாகத் துருவுவது மற்றொன்று. புதிய கார் எல்லாக் கடையிலும் ஒன்றுதான், நாலு பேரிடம் விலை கேட்டால் போதும். பழைய கார் அப்படியல்ல. ஒவ்வொன்றும் தனி, அதனால் அந்த ஒன்றையே துருவ வேண்டும். பேரம் என்பது இந்தத் துருவல். நீங்கள் விரிப்பைத் திருப்பிப் பார்க்காமல், யார் நெய்தது, எத்தனை நாள் ஆனது, சாயம் எது என்று ஒரு கேள்வியும் கேட்காமல், எண்ணுக்கு எண் வீசினீர்கள். துருவாதவருக்குப் பேரத்தில் பலன் கிடைப்பது தற்செயல்தான்.

மரியாதை பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். விலை கேட்கலாம், பத்துக் கடையில் கேட்கலாம், வாங்காமல் போகலாம். ஆனால் உங்கள் வாயால் ஒரு தொகையைச் சொல்லி அவர் சம்மதித்துவிட்டால், வாங்கியே ஆக வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு சந்தையில், வாங்கும் எண்ணமே இல்லாமல், எப்படியும் படியாது என்று நினைத்து, ஒரு பித்தளைத் தட்டுக்கு அபத்தமான தொகை ஒன்றைச் சொன்னேன். கடைக்காரர் சற்று யோசித்துவிட்டுத் தலையாட்டி, பழைய செய்தித்தாளை எடுத்துத் தட்டைச் சுற்ற ஆரம்பித்தார். ‘வேண்டாம்’ என்றேன். அவர் திட்டவில்லை. சுற்றிய தாளைப் பிரித்து, மடிப்பை நீவி, மறுபடி அடுக்கில் வைத்தார். திட்டியிருக்கலாம் என்று இன்றும் தோன்றுகிறது. பொருளை மட்டம் தட்டி விலை குறைப்பதும் அதே வகைதான். அவ்வளவு மட்டமான பொருள் உங்களுக்கு எதற்கு?

இனி மால். கறார் விலை என்றால் எல்லாருக்கும் ஒரே விலை என்றுதான் பொருள், நியாய விலை என்றல்ல. 1673-இல் எடோவில், இன்றைய டோக்கியோவில், மிட்சுயி தகதோஷி தொடங்கிய எச்சிகோயா துணிக்கடை ‘ரொக்கம் மட்டும், ஏற்றிச் சொல்லும் விலை இல்லை’ என்று அறிவித்து விற்றது. அதுவரை துணி வியாபாரிகள் வீடு வீடாகப் போய்க் கடனுக்கு விற்று, வராத கடனுக்கும் வட்டிக்கும் சேர்த்து விலையை ஏற்றினார்கள். ரொக்கம் கைக்கு வந்ததால் அவரால் குறைக்க முடிந்தது. பேரம் தெரியாதவரும், தெரிந்தவர் கொடுத்ததையே கொடுத்தார். அது பெரிய வசதி, மறுக்கவில்லை.

ஆனால் பாதி விலை ஆட்டம் அங்கேயும் நடக்கிறது, ஆள் இல்லாமல். ஒரு பெரிய எண்ணை அச்சடித்து, கோடு கிழித்து, பக்கத்தில் சின்ன எண் போடுகிறார்களே, அது வேறென்ன? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 முதல், தள்ளுபடி அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் தான் விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் ‘பழைய விலை’ என்று காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. விலையை முதல் வாரம் ஏற்றி அடுத்த வாரம் இறக்கும் வித்தை பரவலாக இல்லாவிட்டால் இப்படி ஒரு விதி எதற்கு? அந்த விதி இல்லாத இடத்தில், தள்ளுபடிக்கு ஒரு மாதம் முன்பே விலைச்சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றே வழி.

ஒன்று போலவே செய்த பொருளுக்கு மால் போங்கள். ஒவ்வொன்றும் தனியாக இருக்கும் பொருளுக்குச் சந்தை போங்கள், அளவுகோலோடு. இப்போதைக்கு அந்த விரிப்பைத் திருப்பிப் போட்டு எண்ணுங்கள். பின்னால் துணி ஒட்டியிருந்தால் அடுத்த கடிதம் எழுதுங்கள், உங்கள் கோபத்தில் நானும் பங்கு கொள்கிறேன்.