வேர் சிகிச்சைக்கு ஒரு பக்கம் எழுதுவது எப்படி: கேள்வி பதில்

பல் மருத்துவமனைகளுக்காகச் சிகிச்சைப் பக்கங்களை எழுதி வடிவமைப்பது என் வேலை. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் வேர் சிகிச்சையைப் பற்றியவை. அதனால் இந்த முறை அந்த ஒரு பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்த வேலைக்குப் புதியவர்: "பக்கத்தை எங்கிருந்து தொடங்குவது? 'வேர் சிகிச்சை என்றால் என்ன' என்று விளக்கம் கொடுத்துத் தொடங்கினேன். மருத்துவருக்குப் பிடித்திருக்கிறது, எனக்குத்தான் உறுத்துகிறது."

உங்கள் உறுத்தல் சரியானது. அந்தப் பக்கத்தை நள்ளிரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் திறக்கிறார். அல்லது "வேர் சிகிச்சைதான் வழி" என்று மருத்துவர் சொல்லியனுப்ப, வீட்டுக்கு வந்து ஒருவர் திறக்கிறார். வலிக்குமா, எத்தனை முறை வர வேண்டும், மொத்தம் எவ்வளவு ஆகும், பேசாமல் பல்லைப் பிடுங்கிவிட்டால் என்ன என்பவைதான் இருவருக்கும் உள்ள கேள்விகள். கைப்பேசியில் முதல் திரைக்குள் இவற்றுக்குப் பதில் தொடங்கிவிட வேண்டும். நான் இப்படித் தொடங்குவேன்:

"பல்லுக்குள் இருக்கும் நரம்புச் சதை கெட்டுவிட்டால் அதை எடுத்துவிட்டு, உள்ளே சுத்தம் செய்து அடைத்து, பல்லைக் காப்பாற்றுகிறோம். மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகே தொடங்குவோம். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு முறை வர வேண்டும். கடைவாய்ப்பல் என்றால் கேப் போடுவதற்கு அதன்பின் மீண்டும் வர வேண்டும்."

தலைப்பில் 'ரூட் கெனால்' என்ற சொல்லும் இருக்கட்டும். மருத்துவர் வாயிலிருந்து அவர்கள் கேட்டு வந்தது அந்தச் சொல்லைத்தான்.

வேர் சிகிச்சை நிபுணர் ஒருவர்: "ரப்பர் டேம், வேரின் நீளத்தை அளக்கும் கருவி, சோடியம் ஹைப்போகுளோரைட் கொண்டு கழுவுவது, இவையெல்லாம் தரமான சிகிச்சையின் அடையாளங்கள். பக்கத்தில் இவை இல்லாவிட்டால், செய்பவருக்கும் செய்யாதவருக்கும் என்ன வேறுபாடு?"

விட்டுவிடச் சொல்லவில்லை டாக்டர். நோயாளியின் கண், காது, மூக்கு வழியாக எழுதுங்கள் என்கிறேன். "பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பு ஒன்றைப் பொருத்துவோம். கழுவும் மருந்து தொண்டைக்குள் போகாது, எச்சில் பல்லுக்குள் வராது. மூக்கால் வழக்கம்போல மூச்சு விடலாம். நடுவில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையை உயர்த்துங்கள். கழுவும்போது பிளீச்சிங் வாடை வரலாம். வேரின் நீளத்தை அளக்கும்போது ஒரு கருவி 'பீப்' என்று ஒலிக்கும்."

நாற்காலியில் படுத்திருப்பவருக்குக் காரணம் தெரியாத வாடையும் ஒலியும்தான் பயம். முன்பே படித்திருந்தால் அந்த 'பீப்' கேட்கும்போது உடம்பு விறைக்காது. கருவியின் பெயரைச் சொன்னால் மட்டும் இந்தப் பலன் கிடைப்பதில்லை.

மருத்துவமனைக்கு விளம்பர வாசகங்கள் எழுதுபவர்: "நரம்பையே எடுத்துவிடுவதால் அந்தப் பல்லில் இனி வலியே வராது என்று எழுதினேன். சரிதானே?"

பாதி சரி. பல்லுக்குள் இருந்த நரம்பு போய்விடும், அதனால் குளிர்ச்சி பட்டால் சுரீர் என்பது நின்றுவிடும். ஆனால் வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் நார்களுக்கு உணர்வு அப்படியே இருக்கிறது. சிகிச்சை முடிந்த சில நாட்கள் கடித்தால் நோவு தெரிவது அங்கிருந்துதான். உங்கள் வரியைப் படித்தவர் மறுநாள் காலை வலித்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்றே நினைப்பார். "சில நாட்கள் கடிக்கும்போது நோவு இருக்கும், நாளுக்கு நாள் குறைய வேண்டும், குறையாமல் கூடினால் எங்களை அழையுங்கள்" என்று மாற்றுங்கள். 'குறைய வேண்டும்' என்ற சொற்கள்தான் அவர் கையில் நாம் கொடுக்கும் அளவுகோல்.

மருத்துவமனை நடத்துபவர்: "கட்டணத்தைப் போட்டாலும் சண்டை, போடாவிட்டாலும் சண்டை. 'இவ்வளவு முதல்' என்று குறைந்தபட்சத் தொகையை மட்டும் போட்டிருக்கிறோம். அதிலும் வாக்குவாதம் வருகிறது."

அந்த 'முதல்' என்ற சொல்தான் வாக்குவாதத்தின் வேர். அது பெரும்பாலும் ஒற்றை வேருள்ள முன்பல்லின் கட்டணமாக இருக்கும். வருகிறவருக்கோ கடைவாய்ப்பல்லில் வலி. அதில் பொதுவாக மூன்று, சிலருக்கு நான்கு கால்வாய்கள். வேலை கூடுகிறது, தொகையும் கூடுகிறது. அதற்கு மேல் கேப் தனி. பில் கையில் வரும்போது, ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

நான் செய்வது இதுதான். முதல் எக்ஸ்ரேயிலிருந்து கேப் ஒட்டி முடிப்பது வரை ஒரே பல்லுக்கு ஆன எல்லா பில்களையும் சேர்த்து ஒரு மொத்தமாக்கச் சொல்வேன். அண்மையில் முடிந்த 40 கடைவாய்ப்பற்களுக்கு அப்படி 40 மொத்தங்கள் கிடைத்தன என்று வையுங்கள். ஏறுவரிசையில் அடுக்கி, கீழே நான்கையும் மேலே நான்கையும் விலக்கிவிடுங்கள். மிஞ்சிய 32-இன் சிறியதும் பெரியதும் உங்கள் வரம்பு. மேல்தொகை கீழ்த்தொகையைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டினால், இரண்டு வேறு வேலைகளை ஒன்றாகக் கலந்திருக்கிறோம் என்று பொருள். பெரும்பாலும் கேப்பின் வகை, அல்லது முன்பே வேர் சிகிச்சை செய்த பல்லைத் திறந்து மறுபடி செய்வது. அவற்றைப் பிரித்துத் தனி வரம்பு கொடுங்கள்.

பக்கத்தில் அது இப்படி நிற்கும்: "கடைவாய்ப்பல் ஒன்றுக்கு, எக்ஸ்ரே, வேர் சிகிச்சை, கேப் எல்லாம் சேர்த்து இத்தனை முதல் இத்தனை வரை. கேப் எதனால் செய்யப்படுகிறது என்பதே தொகையை அதிகம் மாற்றும். மறுபடி செய்யும் வேர் சிகிச்சைக்குக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம். எக்ஸ்ரே பார்த்த பிறகு உங்கள் தொகையை எழுதித் தருவோம்." கடைசியாகக் கணக்கிட்ட மாதத்தையும் கீழே போடுங்கள்.

அவரே மீண்டும்: "கேப்பையும் சேர்த்தால் பக்கத்துத் தெரு மருத்துவமனையைவிட எங்கள் தொகை பெரிதாகத் தெரியுமே. அவர்கள் கேப்பைச் சேர்ப்பதில்லை."

தெரியும், மறுக்கவில்லை. சிலர் அந்த எண்ணைப் பார்த்ததும் போய்விடலாம். பதிலுக்கு எத்தனை பேர் நம்பி வருவார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேப்பை மறைப்பதில் பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. வலி போனதும் வேலை முடிந்தது என்று பலர் திரும்பி வருவதில்லை. உள்ளே குடையப்பட்ட கடைவாய்ப்பல்லின் சுவர்கள் மெலிந்திருக்கும். கடினமான எதையாவது கடிக்கும்போது பிளந்து, விரிசல் வேருக்குள் இறங்கினால், பல்லை எடுப்பதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை. கட்டண வரியிலேயே கேப் இருந்தால் அது சிகிச்சையின் பகுதி என்று மனத்தில் பதியும். முடிவு உங்களுடையது.

வரவேற்பு மேசையில் பல ஆண்டுகளாக இருப்பவர்: "சிகிச்சைக்குப் பின் கவனிக்க வேண்டியவை என்று 14 குறிப்புகள் வைத்திருக்கிறோம். இருந்தும் மாலையில் அதே அழைப்புகள்: எப்போது சாப்பிடலாம், அடைப்பு உதிர்கிறது, உதடு வீங்கியதுபோல் இருக்கிறது. எதற்கு அந்தக் குறிப்புகள்?"

அம்மா, அந்தப் பக்கத்தை எழுத உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. ஒரு வாரம் அழைப்புகளை நோட்டில் குறியுங்கள்: என்ன கேட்டார்கள், சிகிச்சை முடிந்து எத்தனை மணி நேரம் கழித்துக் கேட்டார்கள். இரண்டாவதுதான் முக்கியம். 14 குறிப்புகளும் தலைப்புவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நோயாளியோ நேரவாரியாக வாழ்கிறார்.

நான் நேரப்படி வெட்டுவேன். மரப்பு போகும்வரை: சில மணி நேரம் ஆகலாம், உதடு தடித்ததுபோல் தோன்றுவது மரப்பினால்தான், சாப்பிட வேண்டாம், சூடாகக் குடிக்க வேண்டாம், உதட்டையும் நாக்கையும் தெரியாமலே கடித்துக்கொள்வீர்கள். அன்று இரவு: மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை எழுதியபடி. கேப் போடும்வரை: அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்க வேண்டாம்; தற்காலிக அடைப்பின் மேல்பகுதி கொஞ்சம் தேய்ந்தால் பரவாயில்லை, முழுதாக விழுந்தால் அன்றோ மறுநாளோ அழையுங்கள், நீங்களாக எதையும் வைத்து அடைக்க வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் மேலே, பெரிய எழுத்தில், காத்திருக்கக் கூடாதவை: முகமோ கழுத்தோ வீங்குவது, காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் என்றால் பல் மருத்துவமனைக்கு அல்ல, நேராக அவசரப் பிரிவுக்கு.

மாத்திரையின் பெயரையும் அளவையும் பொதுப்பக்கத்தில் போடாதீர்கள். ஒவ்வாமை உள்ளவர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர், கர்ப்பிணி என எல்லோரும் அதே வரியைத்தான் படிப்பார்கள்.

வாசகர்: "எனக்கு நான்கு நாள் முன்பு கீழ்க் கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை. சும்மா இருந்தால் வலி இல்லை. பல்லைக் கடித்தால் அந்த ஒரு பல்தான் முதலில் இடிக்கிறது. இதைக் கேட்கலாம் அல்லவா?"

நான் மருத்துவன் இல்லை, ஆனால் கேட்டது நல்லது. சிகிச்சை செய்தவரை இன்றே அழைத்து, எனக்குச் சொன்ன அதே சொற்களில் சொல்லுங்கள். அடைப்பு கொஞ்சம் உயரமாக இருந்தால் அப்படி இடிக்கும். அதுதானா என்பதை அவர் பார்த்தால் தெரிந்துவிடும், உயரம்தான் என்றால் தேய்த்துச் சரிசெய்வார். வீக்கமோ காய்ச்சலோ சேர்ந்தால் இன்றே நேரில் போய்விடுங்கள்.

மற்றவர்களுக்கு: "அந்த ஒரு பல்தான் முதலில் இடிக்கிறது." இந்த வரியை அப்படியே உங்கள் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய பக்கங்களில் "கடிமட்டம் உயர்ந்திருந்தால் தெரிவிக்கவும்" என்று இருக்கிறது. இவர் அதைப் படித்திருந்தாலும் தன்னைப் பற்றியது என்று நினைத்திருக்க மாட்டார். இன்றே மாற்றுகிறேன்.

வடிவமைப்பாளர்: "பக்கம் நீளமாகிறது. எல்லாவற்றையும் மடித்துத் திறக்கும் பெட்டிகளில் வைத்துவிடலாமா? தமிழ் எழுத்துக்கு வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?"

சிகிச்சை எப்படி நடக்கும் என்ற படிகளை மடிக்கலாம். கட்டணத்தையும் பின்கவனிப்பையும் மடிக்காதீர்கள். மூடியிருக்கும் `<details>` பெட்டியை அச்சிட்டால் தலைப்பு மட்டுமே தாளில் வரும். வயதானவர்களுக்குப் பிள்ளைகள் இந்தப் பக்கத்தைத்தான் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். தமிழில் மேலும் கீழும் குறிகள் வருவதால் வரி இடைவெளியைக் கூட்டுங்கள். சொற்கள் நீளமானவை, ஆகவே கைப்பேசியில் இருபுறமும் சமப்படுத்தினால் நடுவில் ஓட்டைகள் விழும்.

```
.sigichai {
  line-height: 1.7;
  text-align: left;
}
```

புதியவர் மீண்டும்: "எழுதி முடித்ததும் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மருத்துவர் படித்துச் சரி என்றார்."

தகவல் சரியா என்று மட்டுமே மருத்துவர் சொல்ல முடியும். பல் மருத்துவத்துக்குத் தொடர்பில்லாத ஐந்து பேரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "இரவு 11 மணி, தற்காலிக அடைப்பு முழுதாக விழுந்துவிட்டது, என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு பேசாதீர்கள், விரலைப் பாருங்கள். நான் அண்மையில் செய்தபோது மூன்று பேர் பதில் இருந்த வரியைத் தாண்டி மேலே போய், மருத்துவமனை நேரம் என்ற பகுதியைத் தேடினார்கள். காலை எத்தனை மணிக்கு அழைக்கலாம் என்பதையும் தொலைபேசி எண்ணையும் அந்த வரிக்குள்ளேயே கொண்டுவந்த பிறகு தேடுவது நின்றது.