விருந்தினருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கிறது

"சேலத்திலிருந்து லைவ் போடுகிறேன். ஏற்காட்டில் இருந்து சேரும் காபித் தோட்டத்துக்காரருக்கு அவர் பேசுவதே திரும்பக் கேட்கிறதாம். மைக்கை மாற்றச் சொன்னேன், போகவில்லை."

அவர் மைக்கை விட்டுவிடுங்கள். எதிரொலி யாருக்குக் கேட்கிறதோ, கோளாறு பெரும்பாலும் அடுத்த முனையில்தான். உங்கள் ஸ்பீக்கரில் வரும் அவர் குரலை உங்கள் மைக் பிடித்து மறுபடி அவருக்கே அனுப்புகிறது. அவர் பேசும்போது உங்கள் மைக்கை மட்டும் மியூட் செய்து பாருங்கள். எதிரொலி நின்றால் ஹெட்போன் போடுங்கள், அவ்வளவுதான்.

ஹெட்போன் போட்டும் நிற்கவில்லையா? மிக்சரிலிருந்து எல்லா ஒலியையும் அழைப்புக்குள் அனுப்புகிறீர்கள். அவருக்குப் போகும் வழியில் அவர் சேனலை மட்டும் எடுத்துவிடுங்கள். இதைத்தான் மிக்ஸ் மைனஸ் என்பார்கள்.

குரல் பத்து இருபது விநாடி கழித்து வருகிறதென்றால் கதையே வேறு. அவர் வீட்டில் யாரோ உங்கள் லைவை இன்னொரு போனில் ஓட விட்டிருக்கிறார்கள். நீங்கள் மியூட் செய்தாலும் அது போகாது. அந்த போனைத்தான் நிறுத்த வேண்டும்.

அப்புறம், மலையிலிருந்து மொபைல் டேட்டாவில் வரும் தாமதத்தை அடியோடு ஒழிக்க முடியாது. கேள்வி கேட்டதும் இரண்டு விநாடி பொறுங்கள். "ம்ம்" என்று இடையில் சொன்னால் அது அவர் அடுத்த வாக்கியத்தின் மேல் போய் விழும். தலையை மட்டும் ஆட்டுங்கள்.