அப்பாவுக்குப் பக்கவாதம், இன்டர்ன்ஷிப்பைப் பாதியில் விட வேண்டும்: கடிதத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனி டெஸ்டிங்ல இன்டர்னா இருக்கேன். ஜனவரில சேர்ந்தேன், ஜூன் கடைசி வரைக்கும் இருக்கணும். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மதுரைல அட்மிட் ஆகியிருக்கார், நான்தான் மூத்த பையன். இன்னும் நாலு நாள் கோவைல இருக்க முடியும், அதுவரைக்கும் சித்தப்பா பார்த்துக்கறார். படிப்பு முடிஞ்சதும் இதே கம்பெனில வேலைக்கு முயற்சி பண்ணணும். மனஸ்தாபம் வராம லெட்டர் எப்படி எழுதறது?

பதில்:

தம்பி, அப்பா சீக்கிரம் தேறி எழுந்து நடக்கட்டும். நானும் கோவையில்தான், வேறொரு பம்ப் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். வருஷா வருஷம் என்னிடம் இன்டர்ன்கள் வருகிறார்கள். அதனால் அந்தக் கடிதத்தை வாங்குகிறவன் என்ன பார்ப்பான் என்பதிலிருந்து சொல்கிறேன்.

வீட்டில் ஒருவர் படுத்துவிட்டார், இன்டர்ன் பாதியில் கிளம்புகிறார் என்றால் யாரும் கோபப்படுவதில்லை. மனஸ்தாபம் வருவது வேறு இடத்தில். "ஒரு வாரம் லீவு சார்" என்று போவார்கள். பிறகு இன்னொரு வாரம் கேட்பார்கள். அதன்பின் போன் எடுக்கமாட்டார்கள். வருவாரா மாட்டாரா என்று தெரியாததால் அந்த வேலையை இன்னொருவரிடம் தரவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகு முதல் மூன்று மாதம்தான் பிசியோதெரபி அதிகம் பலன் தரும் காலம் என்று டாக்டர்களே சொல்வார்கள். இன்டர்ன்ஷிப்பில் உங்களுக்கு மிச்சமிருப்பதும் கிட்டத்தட்ட அதே காலம்தான். ஆகவே லீவு கேட்டு இழுக்காதீர்கள். ஒரு தேதி குறித்து முடித்துக்கொள்ளுங்கள்.

கடிதத்துக்கு முன் உங்கள் மேலாளரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். எச்ஆர் ஃபார்வர்டு செய்த மெயிலைப் பார்த்துத்தான் தன் இன்டர்ன் போவது ஒரு மேலாளருக்குத் தெரிய வந்தால் அந்த வருத்தம் போகாது. கல்லூரி கைடுக்கும் பிளேஸ்மென்ட் ஆபீசருக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். கல்லூரி வழியாக வந்த இன்டர்ன் என்றால் கம்பெனி அடுத்து பேசப்போவது அவர்களிடம்தான். இதுவரை செய்ததை எப்படிக் கணக்கில் எடுப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஆஃபர் லெட்டரையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கும். 15 நாள் என்று போட்டிருந்தால், தெரியாததுபோல் விட்டுவிடாமல் தளர்த்தித் தரும்படி கடிதத்திலேயே கேளுங்கள். ஒருவேளை நீங்கள் சேர்ந்திருப்பது இன்டர்ன்ஷிப்பாக இல்லாமல் NATS அல்லது NAPS என்ற அரசுத் திட்டம் வழியாக வந்த அப்ரன்டிஸ் பயிற்சி என்றால் விஷயம் வேறு. அது 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவான ஒப்பந்தம். வெறும் கடிதத்தால் முடியாது, அப்ரன்டிஸ்ஷிப் அட்வைசருக்கு விண்ணப்பம் போக வேண்டும். எச்ஆரிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

இனி கடிதம். எச்ஆருக்கு அனுப்பி, மேலாளருக்கு நகல் வையுங்கள். உங்கள் ஆபீசில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றாலும் இதே வரிசையில் எழுதுங்கள்.

பொருள்: ஏப்ரல் 11 அன்று இன்டர்ன்ஷிப்பை முடித்துக்கொள்ள அனுமதி வேண்டி

மதிப்பிற்குரிய மேடம்,

ஜனவரி 6 முதல் டெஸ்டிங் பிரிவில் இன்டர்னாக இருக்கிறேன். ஜூன் 30 வரை தொடர வேண்டியது. என் தந்தை பக்கவாதத்தால் மதுரையில் சிகிச்சை பெற்று வருகிறார். வரும் மாதங்களில் நான் அவருடன் இருந்தாக வேண்டும். எனவே ஏப்ரல் 11ஐ என் கடைசி நாளாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். மேலாளரிடம் இன்று நேரில் தெரிவித்துவிட்டேன். ஆஃபர் லெட்டரின்படி 15 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். சூழ்நிலை கருதி அதைத் தளர்த்தித் தர வேண்டுகிறேன்.

என்னிடம் உள்ள வேலையின் நிலையைத் தனிக் குறிப்பாக இணைத்துள்ளேன். ஏப்ரல் 10 அன்று மேலாளர் சொல்பவரிடம் நேரில் ஒப்படைத்துவிடுகிறேன். அதன்பின் ஏதாவது விளக்கம் தேவைப்பட்டால் மாலை 6 மணிக்கு மேல் என் மொபைல் எண்ணில் பேசலாம்.

நான் வேலை செய்த காலத்துக்கு, தேதிகளுடன் ஒரு பயிற்சிச் சான்றிதழ் தந்தால் கல்லூரியில் சமர்ப்பிக்க உதவும்.

ஒரு பம்பின் ரீடிங்கை எடுப்பது மட்டுமல்ல, அதைச் சந்தேகப்படவும் இந்தப் பிரிவில்தான் கற்றுக்கொண்டேன். மிக்க நன்றி.

இவ்வளவு போதும். "கூடிய விரைவில்", "இந்த வாரக் கடைசியில்" என்று எழுதாதீர்கள். ஸ்டைபண்ட் கணக்கும் சான்றிதழும் அந்தத் தேதியை வைத்துத்தான் நடக்கும். அப்பாவின் நிலையை ஒரு வாக்கியத்துக்கு மேல் விவரிக்க வேண்டாம். ஸ்கேன் ரிப்போர்ட்டை அவர்களாகக் கேட்டால் ஒழிய இணைக்காதீர்கள், அந்த மெயிலை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று தெரியாது. மன்னிப்பும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம், நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. பின்னால் வேலை வேண்டும் என்பதை இங்கே எழுதவே கூடாது. அதைப் படித்தால் மேலே சொன்ன நன்றிகூடக் காரியத்துக்காகச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

சான்றிதழ் விஷயத்தில் ஒன்று. முழுக் காலமும் முடித்ததாக எழுதித் தரச்சொல்லி எச்ஆரைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஜனவரி 6 முதல் ஏப்ரல் 11 வரை என்று உள்ளபடி தருவது அவர்களுக்கும் சுலபம், நாளைக்கு யார் சரிபார்த்தாலும் உங்களுக்கும் பயமில்லை.

எனக்குக் கடிதத்தைவிட அந்த ஒப்படைப்புக் குறிப்புதான் பெரிசு. ஆள் போன பிறகும் என் மேசையில் இருக்கப்போவது அதுதான். உதாரணத்துக்கு, நீங்கள் ஐந்து சப்மெர்சிபிள் மாடல்களுக்கு ரீடிங் எடுத்து கர்வ் போட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "மூன்று முடிந்தது, இரண்டு பாக்கி" என்று எழுதினால் எனக்கு ஒன்றும் விளங்காது. முடிந்த மூன்றின் எக்செல் ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, நான்காவதில் வால்வை எந்த நிலைவரை திறந்து ஃப்ளோவும் பிரஷரும் பவரும் குறித்தீர்கள், ஐந்தாவது டெஸ்ட் பெட்டில் ஏறியதா இல்லையா, இதெல்லாம் வேண்டும். முக்கியமாக, உங்களுக்கே சந்தேகமான ரீடிங்கை எழுதிவிடுங்கள்: "நான்காவது மாடலில் கடைசி இரண்டு பாயிண்டில் பிரஷர் கேஜ் முள் ஆடிக்கொண்டே இருந்தது, மறுபடி எடுக்க வேண்டும்." இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அடுத்தவர் அதைச் சரியென்று நம்பி கர்வ் போட்டுவிடுவார். இருந்தால், அதை எழுதியவரின் பெயர் எனக்கு மறக்காது.

கடைசி நாளில் ஐடி கார்டு, சேஃப்டி ஷூ, ஸ்டோரில் வாங்கிய கருவிகள் எல்லாவற்றையும் கொடுத்து, நோ டியூ படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி மெயில் அன்றே முடங்கிவிடும். அதனால் கடிதத்தையும் அதற்கு வந்த பதிலையும் முன்கூட்டியே பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்ட் டேட்டாவைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். கல்லூரி ரிப்போர்ட்டுக்கு எதையெல்லாம் பயன்படுத்தலாம் என்று மேலாளரிடம் கேட்டு, அதை மட்டும் எடுங்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து கொஞ்சம் நிலைமை சீரானதும் மேலாளருக்கு இரண்டு வரி போடுங்கள்: அப்பா எப்படி இருக்கிறார், அந்த நான்காவது மாடல் ரீடிங் சரியாக வந்ததா. வேலை பற்றிக் கேட்பதை இறுதித் தேர்வு முடிவு கையில் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.