பஸ் ஏறியதும் "கேள்வி இருக்கா?" என்றால் யாரும் பேசுவதில்லை

"சென்னை–காஞ்சி–மாமல்லபுரம் ஒருநாள் டூருக்கு நான் கைடு. வணக்கம் சொல்லி நாள் திட்டம் சொல்கிறேன். கேள்வி கேட்கச் சொன்னால் மௌனம். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் அதே கேள்விகள்."

பொதுவாகக் கேட்காதீர்கள், குறிப்பாகக் கேளுங்கள்: "நடக்கச் சிரமப்படுபவர்கள் உண்டா? சாப்பாட்டில் எதையாவது ஒதுக்குபவர்கள்?" இதற்குக் கை தூக்கினாலே போதும். ஒரு கை எழுந்தால் மற்றவர்களும் பேச ஆரம்பிப்பார்கள்.

திட்டத்தை வண்டி நகரும் முன் சொல்கிறீர்களா? பை வைத்து, ஜன்னல் சீட்டு பிடிக்கும் நேரத்தில் சொன்னது காதில் விழாது. கடைசி ஆள் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பிச் சில நிமிடம் கழித்து ஆரம்பியுங்கள்.

நேரத்தைக் காரணத்தோடு சொல்லுங்கள்: "காஞ்சியில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், மாலைதான் திறப்பார்கள். அதனால் முதலில் காஞ்சி, சாப்பிட்டுவிட்டு மாமல்லபுரம்." காரணம் தெரிந்தவர்கள் "கடற்கரைக்கு எப்போது?" என்று திரும்பத் திரும்பக் கேட்கமாட்டார்கள்.

சோதித்துப் பாருங்கள்: "பின் வரிசையில் கேட்கிறதா? கை தூக்குங்கள்." கை எழாவிட்டால் கோளாறு மைக்கில்தான். பஸ்ஸுக்குள் சீட்டுகளுக்கு நடுவில் வந்து நின்று பேசுங்கள்.

இன்னொரு விஷயம்: நாலைந்து இடத்தில் ஆள் ஏற்றும் டூர் என்றால் இடையில் வெறும் வணக்கம் போதும். முழுத் திட்டம் கடைசி நிறுத்தத்துக்குப் பிறகு, ஒரே தடவை.