கால்நடை கிளினிக் வெப்சைட்: ஊசித் தேதியை எங்கிருந்து கணக்கிடுவது?

கேள்வி: நாய், பூனை பார்க்கிற ஒரு சின்ன கிளினிக்குக்கு வெப்சைட் செஞ்சு தரேன்னு ஒத்துக்கிட்டேன். எமர்ஜென்சி நம்பர், தடுப்பூசி ஞாபகப்படுத்துறது, அப்பாயின்ட்மென்ட் கேக்குற ஃபார்ம் மூணும் வேணுமாம். எதுல கவனமா இருக்கணும்?

தடுப்பூசி நினைவூட்டலில்தான். மற்ற இரண்டில் கோளாறு இருந்தால் அன்றைக்கே யாராவது திட்டிவிடுவார்கள். ஊசித் தேதி தப்பாகப் போனால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

பெரும்பாலானோர் குட்டி பிறந்த தேதியை வாங்கி, எல்லா ஊசிகளுக்கும் அன்றே தேதி போட்டுச் சேமித்துவிடுகிறார்கள். அது எங்கே இடிக்கும் என்று பாருங்கள். 2025 மார்ச் 4-இல் பிறந்த நாய்க்குட்டி. பார்வோ, டிஸ்டெம்பர் கூட்டு ஊசி 8, 12, 16 வாரங்களில் என்றால் ஏப்ரல் 29, மே 27, ஜூன் 24. முதல் ஊசி சரியான நாளில் போட்டாயிற்று. இரண்டாவதுக்கு வீட்டுக்காரர் வெளியூர் போய்விட்டு ஜூன் 14 அன்றுதான் வருகிறார். உங்கள் மென்பொருளோ பழைய கணக்கை வைத்துக்கொண்டு ஜூன் 24-க்கு வரச் சொல்லும். இடைவெளி பத்தே நாள். இரண்டு வாரத்துக்குள் அடுத்த ஊசி போடக் கூடாது. நல்ல டாக்டர் திருப்பி அனுப்புவார். வந்தவர் மறுபடி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

அதனால் அடுத்த தேதி, கடைசியாகப் போட்ட தேதியிலிருந்துதான் பிறக்க வேண்டும். கூடவே இன்னொரு விதி: குட்டிப் பருவத்தின் கடைசி ஊசி 16 வாரத்துக்கு முன் முடிந்துவிடக் கூடாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் அதுவரை ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம். 6 வாரத்தில் தொடங்கிய குட்டிக்கு மூன்று ஊசி 14 வாரத்திலேயே முடிந்துவிடும். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் மென்பொருள் 'முடிந்தது' என்று காட்டும். வயதையும் பார்த்தால் நான்காவதைக் கேட்கும். கீழே `daysBetween`, `addDays` இரண்டும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டிய நாள் கணக்குச் செயல்பாடுகள்.

```js
const age = daysBetween(birth, lastGiven);
const next = addDays(lastGiven, age >= 112 ? 365 : 28);
```

மேலே சொன்ன குட்டிக்கு ஜூன் 14 அன்று வயது 102 நாள், அதாவது 112-க்குக் கீழே. அடுத்த தேதி ஜூலை 12. அதோடு குட்டிக்கான வரிசை முடியும்.

இடைவெளி 21 நாளா 28 நாளா, ஆண்டு ஊசி எப்போது என்பதில் டாக்டருக்கு டாக்டர் வேறுபாடு உண்டு, தெரியும். அதனால்தான் எண்களை கோடில் புதைக்காமல் டாக்டரே மாற்றும்படி செட்டிங்ஸில் வையுங்கள். இந்த இரண்டு வரி கூட்டு ஊசிக்கு, அதுவும் குட்டிகளுக்கு மட்டும். ரேபிஸுக்குத் தனி வரிசை. ரொம்பத் தாமதமாக வந்தவர்களுக்குத் தானாகத் தேதி போடாமல் டாக்டரின் பட்டியலில் தள்ளிவிடுங்கள்.

தேதியைச் சேமிக்கும்போது `toISOString()` பயன்படுத்தாதீர்கள். இந்திய நேரம் ஜூன் 14 நள்ளிரவு, அதில் ஜூன் 13 மாலை 18:30 ஆகிவிடும். எல்லா நினைவூட்டலும் ஒரு நாள் முன்னே நகரும். `2025-06-14` என்று வந்த எழுத்தை அப்படியே வையுங்கள்.

எஸ்எம்எஸ்ஸைத் தமிழில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 70 எழுத்துக் குறிகள்தான். 'கி' இரண்டாகக் கணக்காகும். வணிக எஸ்எம்எஸ் வாசகங்களை முன்கூட்டியே பதிவு செய்யும் தளமான டிஎல்டியில் பதிவு செய்த வாசகத்திலிருந்து ஒரு சொல் மாறினாலும் போய்ச் சேராது. கிளினிக் பெயரில் பதிவை முதல் வாரமே தொடங்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு பிராணிக்கும் 'இறந்துவிட்டது' என்று ஒரு நிலை கட்டாயம் வேண்டும். அதை அழுத்தியதும் எல்லாச் செய்தியும் நிற்க வேண்டும். செத்துப்போன நாயின் பெயரைச் சொல்லி ஊசிக்கு அழைக்கும் செய்தியை யாரும் வாங்கக் கூடாது.

அப்பாயின்ட்மென்ட் ஃபார்மின் முதல் கேள்வியே இப்படி இருக்கட்டும்: மூச்சுத் திணறலா, வலிப்பா, விஷம் தின்றதா, வயிறு திடீரென உப்பியதா, ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லையா? கடைசியதை மலச்சிக்கல் என்று நினைத்து நாளைக்கு நேரம் கேட்பவர்கள் உண்டு. அடைப்பு என்றால் ஓரிரு நாளில் உயிர் போகும். 'ஆம்' என்றால் ஃபார்ம் மறைந்து அழைப்புப் பொத்தான் மட்டும் தெரிய வேண்டும்.

```html
<a href="tel:+91XXXXXXXXXX">அவசரத்துக்கு அழைக்க</a>
```

இது எல்லாப் பக்கத்தின் உச்சியிலும், ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் தெரியும்படி இருக்கட்டும். எண்ணைப் படமாகப் போடாதீர்கள். இரவில் யார் எடுப்பார்கள், யாரும் எடுக்காவிட்டால் எங்கே போவது என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள். ஃபார்ம் அனுப்பியதும் 'உறுதியானது' என்று காட்டாதீர்கள். 'கோரிக்கை வந்தது, நாங்கள் அழைத்துச் சொன்ன பிறகே நேரம் உறுதி' என்று காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. சில கிளினிக்குகள் தடுப்பூசி அட்டையைத் தாங்களே வைத்துக்கொள்கின்றன, ஆள் வேறிடம் போய்விடக் கூடாதாம். வெப்சைட்டையும் அதற்குத் துணையாக்காதீர்கள். ஊசி பெயர், போட்ட தேதி, பாட்ச் எண் மூன்றும் உள்ள பக்கத்தை வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ள வழி வையுங்கள்.